சோபாவில் புதைந்த நாய், பூனை முடி: பலூன் ஏன் கைவிடும், ரப்பர் கிளவுஸ் ஏன் கைகொடுக்கும்?

ஸ்ரீ விஜயபுரத்தின் (பழைய பெயர் போர்ட் பிளேர்) டெய்ரி ஃபார்ம் பகுதியில் ஒரு வீடு. ஒரு நாட்டு நாய், துணி உறை போட்ட மூன்று பேர் சோபா. 'பலூனைத் தேய்த்து சோபா மேல் காட்டுங்க, முடி தானா ஒட்டிக்கும்' என்று சொல்லும் வீடியோவை நம்பி இங்கே முயன்றால், பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. தப்பு பலூன் மேல் இல்லை, காற்றில் இருக்கிறது.

பலூன் ஏன் வேலை செய்யாது?

பலூன் முடியை இழுப்பது நிலைமின்சாரத்தால். காற்று வறண்டிருந்தால்தான் அந்த மின்னூட்டம் தங்கும். தீவில் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதி 70 சதவீதத்துக்கு மேல். அந்த ஈரம் பொருட்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலமாகப் படியும். மின்னூட்டம் அதன் வழியே கசிந்துவிடும். சென்னையிலும் மழை மாதங்களில் இதே கதைதான்.

முடி ஏன் உள்ளே போகிறது?

ஒவ்வொரு முடியின் மேலும் ஓடு வேய்ந்த கூரை மாதிரி நுண்ணிய செதில்கள் உண்டு. அவை முடியின் நுனியைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். அதனால் முடி வேர்ப் பக்கமாக எளிதில் நகரும், திரும்பி வர மறுக்கும். நாம் உட்கார்ந்து எழும் ஒவ்வொரு முறையும் அது நெசவுக்குள் இன்னும் கொஞ்சம் நுழைகிறது. கம்பளி துவைக்கும்போது சுருங்கி இறுகுவதும் இந்தச் செதில்களால்தான்.

இதற்குத் தேவை மின்சாரம் இல்லை, உராய்வு. பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கிளவுஸும், ஜன்னல் கண்ணாடி துடைக்கும் ரப்பர் வைப்பரும் அதைத் தரும். ரப்பர் முடியைப் பிடித்து இழுக்கும். வெளியே வரும் முடிகள் ஒன்றோடொன்று சிக்கித் திரியாகச் சுருளும்.

எப்படிச் செய்வது?

1. குஷன்களைக் கழற்றி, மேலோட்டமான முடியை வேக்யூமிலோ உலர்ந்த பிரஷ்ஷிலோ எடுங்கள்.

2. ஸ்பிரே பாட்டிலில் வெறும் தண்ணீர். ஒரு சதுர அடிக்கு இரண்டு, மூன்று தடவை அடித்தால் போதும். டிஷ்யூ பேப்பரை அழுத்திப் பாருங்கள்: அது நனைந்தால் தண்ணீர் அதிகம், கொஞ்சம் காயவிடுங்கள். லேசான ஈரம் முடிகளை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும். அதிகமானால் ரப்பர் வழுக்கும்.

3. கிளவுஸ் போட்ட கையால் ஒரே திசையில், ஒரு சாண் நீளத்துக்கு இழுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால், வெளியே வந்த முடியை நீங்களே திரும்ப உள்ளே தள்ளுகிறீர்கள். திரி சேர்ந்ததும் கையால் எடுத்துவிட்டு, அடுத்த சதுர அடிக்குப் போங்கள்.

4. அதே இடத்தை முதல் திசைக்குக் குறுக்காக இன்னொரு முறை இழுங்கள். குறுக்கு இழைகளில் மாட்டியது அப்போதுதான் வரும்.

5. தையல் ஓரம், ஜிப் பக்கம் கை நுழையாது. அங்கே பழைய டூத்பிரஷ், பிறகு பேக்கிங் டேப். டேப் மேலே நிற்பதை மட்டுமே எடுக்கும். அதனால் அது கடைசி வேலை.

போதும் என்று எப்படித் தெரியும்?

அறையை இருட்டாக்கி, மொபைல் டார்ச்சைத் துணியோடு ஒட்டிப் படுக்கவைத்த மாதிரி பிடியுங்கள். மிச்சமுள்ள முடி நிழலோடு தெரியும். கிளவுஸில் வரும் திரி நாயின் நிறத்தில் இல்லாமல் சோபாவின் நிறத்தில் இருந்தால் உடனே நிறுத்துங்கள். இனி வருவது துணியின் இழை.

எங்கே கவனம்?

வெல்வெட்டில் அழுத்தாமல், இழை சாயும் திசையிலேயே இழுக்க வேண்டும். இழை வளையமாக நிற்கும் துணியில் வைப்பர் வேண்டாம், மாட்டி இழுத்துவிடும். ரெக்ஸினுக்கு ஈரத்துணியே போதும். கால் தேய்க்கும் கல்லைச் சிலர் சொல்வார்கள். அது முடியோடு துணியையும் தேய்க்கும்.

உறையை முடியோடு வாஷிங் மெஷினில் போடாதீர்கள். நனைந்த முடி துணியில் இறுகும், ஃபில்டரையும் அடைக்கும். முதலில் முடி, அப்புறம் துவையல்.

டெய்ரி ஃபார்ம் வீட்டுக்கு இன்னொரு விதியும் உண்டு. மே மாதம் தொடங்கும் மழை டிசம்பர் வரை விட்டுவிட்டு நீளும். ஃபோம் நனைந்தால் உள்ளே காய நாட்கள் ஆகும், பூஞ்சை பிடிக்கும். அதனால் வேலையைக் காலையில் முடித்து, குஷனைச் செங்குத்தாக நிறுத்தி, ஃபேனை முழு வேகத்தில் விடுங்கள். மறுநாள் மோந்து பார்த்தால் மண் வாசனை மாதிரி வந்தால், உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. உறையைக் கழற்றி ஃபோமைத் தனியாகக் காயவையுங்கள்.

பூனை வீட்டுக்கு ஒரு வார்த்தை: அலர்ஜி தருவது முடி அல்ல, முடியில் ஒட்டியுள்ள எச்சில், தோல் துகள்களின் புரதம். முடியை எடுத்தால் அது குறையும், முழுசா போகாது. மூச்சுத்திணறல் உள்ளவர்கள் வீட்டில் இந்த வேலையை வேறொருவர், மாஸ்க் போட்டுச் செய்வது நல்லது.