தலைமை ஆசிரியர் முகத்தில் கோடு விழாமல்

வீட்டிலும் ஜெராக்ஸ் கடையிலும் இருக்கும் சாதாரண ஸ்கேனரின் கண்ணாடி ஏ4 அளவுதான். அகலம் 8.5 அங்குலம், நீளம் 11.7 அங்குலம். பழைய பள்ளி குரூப் போட்டோ அதற்குள் அடங்குவதில்லை. 12 அங்குல அகலத்துக்குப் படம், அதைச் சுற்றிக் கனத்த அட்டை, அட்டையின் அடியில் வரிசை வரிசையாக அச்சிட்ட பெயர்கள் என்று மொத்தம் 14க்கு 11 அங்குலம் வந்துவிடும். பெயர்கள் போனால் பாதிச் சரித்திரம் போய்விடும் என்பதால் அட்டையை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் எடுப்பதிலும் அர்த்தமில்லை. ஆகவே இடப்பாதியைத் தனியாக, வலப்பாதியைத் தனியாக ஸ்கேன் செய்து கணினியில் ஒட்டுகிறார்கள்.

ஒட்டியதே தெரியாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எல்லோருடைய ஆசையும். ஆனால் பல படங்களில் நட்டநடுவே ஒரு கோடு ஓடுகிறது. கோடு இல்லாவிட்டால், நடு நாற்காலியில் இருப்பவருக்கு ஒன்றரை மூக்கு இருக்கிறது. அந்த இடம் கெட்டுப்போவதற்குக் காரணம் உண்டு. குரூப் போட்டோவில் யார் முக்கியமோ அவரைத்தான் நடுவில் உட்கார வைப்பார்கள். படத்தை இரண்டாகப் பிரித்தால் ஒட்டும் இடமும் நடுவில்தான் வரும். தலைமை ஆசிரியரோ கல்யாண ஜோடியோ நேராக அந்தத் தையலில் சிக்கிக்கொள்கிறார்கள்.

மேலே சொன்ன 14க்கு 11 அங்குல அட்டையையே எடுத்துக்கொண்டு பார்க்கலாம். அட்டையின் 11 அங்குலப் பக்கம் கண்ணாடியின் நீளத்தோடு பொருந்திவிடும். அகலவாக்கில் முதல் ஸ்கேன் அட்டையின் இடது ஓரத்திலிருந்து 8.5 அங்குலம் வரை எடுக்கும். இரண்டாவது ஸ்கேன் வலது ஓரத்திலிருந்து 8.5 அங்குலம் எடுக்கும். இரண்டும் சேர்ந்தால் 17, அட்டையோ 14தான். மிச்சமுள்ள 3 அங்குலம் இரண்டு ஸ்கேனிலும் பதிவாகியிருக்கும். இந்தப் பொதுப்பகுதி இல்லாமல் ஒட்டவே முடியாது.

மூன்று அங்குலம் தாராளமாகத் தோன்றும். உண்மையில் அத்தனையும் பயன்படாது. பெரும்பாலான ஸ்கேனர்களில் கண்ணாடியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டம் கண்ணாடியைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்கும். வெளியே நீளும் அட்டை அந்த விளிம்பின் மேல் ஏறி நிற்பதால், விளிம்பை ஒட்டிய பகுதி கண்ணாடியைத் தொடாமல் தூக்கிக்கொள்கிறது. அந்தப் பட்டை மங்கலாகவும் சற்று இருட்டாகவும் பதிவாகும். கணினியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் ஒல்லியான ஸ்கேனர்களிலும், பிரிண்டரோடு சேர்ந்து வருகிற பெரும்பாலான ஸ்கேனர்களிலும் இந்தத் தொல்லை அதிகம். அவற்றின் உணரி கண்ணாடிக்கு மிக அருகில் உள்ள பொருளை மட்டுமே கூர்மையாகப் பார்க்கும். சில மில்லிமீட்டர் விலகினாலே எழுத்து கலங்கிவிடும். உள்ளே லென்ஸும் கண்ணாடிகளும் வைத்த பழைய பாணி தடித்த ஸ்கேனர் இந்த வேலைக்கு எவ்வளவோ மேல்.

ஒவ்வொரு ஸ்கேனிலும் விளிம்போரம் முக்கால் அங்குலம் இப்படிக் கெடுகிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டிலும் தெளிவாக இருப்பது நடுவில் ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் மட்டுமே. தையல் அதற்குள்தான் ஓட வேண்டும். முன்வரிசையில் ஒன்பது நாற்காலிகள் இருந்தால் ஓர் ஆளுக்கு 1.2 அங்குலம் கிடைக்கும். தலைமை ஆசிரியர் சரியாக நடுவில் இருக்கிறார் என்றால், அவருக்கு இடப்புற இடைவெளியும் வலப்புற இடைவெளியும் அந்தத் தெளிவான பட்டைக்குள்ளேயே வந்துவிடும். அவர் முகத்தைத் தொடாமல் ஏதாவது ஒரு பக்கமாக இறங்க வழி இருக்கிறது. அட்டை வளைந்திருந்து அந்த ஒன்றரை அங்குலமும் கிடைக்காவிட்டால், நடுப்பகுதியைக் கண்ணாடியின் மையத்தில் வைத்து மூன்றாவதாக ஒரு ஸ்கேன் எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஸ்கேன் செய்யும்போது அட்டையைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும். மரக்கூழில் செய்த அந்தக் கால அட்டை அமிலமேறிப் பழுத்து, அப்பளமாக ஒடியும் நிலையில் இருக்கும். ஐந்தரை அங்குலம் அந்தரத்தில் தொங்கினால் முறிந்துவிடலாம். ஸ்கேனரின் உயரத்துக்குச் சமமாகப் பக்கத்தில் புத்தகங்களை அடுக்கி, வெளியே நீளும் பகுதியை அதன்மேல் தாங்க வைக்க வேண்டும். மூடி வழிமறித்தால் கழற்றிவிடலாம். பல மூடிகள் மேலே தூக்கினால் கழன்றுவரும். அதற்குப் பதிலாகக் கறுப்புத் துணியைப் போர்த்தினால் வெளிச்சம் உள்ளே புகாது.

இரண்டாவது பாதிக்குப் போகும்போது அட்டையைத் தலைகீழாகத் திருப்பி வைப்பது எளிதாக இருக்கும். அங்கேதான் பலருடைய படம் கெடுகிறது. ஸ்கேனரின் விளக்கு பொதுவாக ஒரு பக்கத்திலிருந்தே சாய்வாக ஒளி அடிக்கும். சொரசொரப்பான தாளில் அச்சான படத்தைத் திருப்பி வைத்தால், மேடுகளின் நிழல் எதிர்ப்பக்கம் விழும். கறுத்த இடங்களில் வெள்ளி மேலே வந்து நீலமாகப் பளபளக்கும் பழைய படங்களிலும் இரண்டு பாதிகள் இரண்டு விதமாக மின்னும். அட்டையைத் திருப்பாமல், கண்ணாடியின் மேல் பக்கவாட்டில் மட்டும் நகர்த்த வேண்டும்.

ஸ்கேனர் மென்பொருளில் தானியங்கித் திருத்தங்கள் அத்தனையையும் அணைத்துவிட வேண்டும். அவை செயலில் இருந்தால், வெள்ளைச் சட்டைகள் நிறைந்த இடப்பாதியை ஒரு விதமாகவும் இருண்ட கதவு தெரியும் வலப்பாதியை வேறு விதமாகவும் வெளிச்சப்படுத்திவிடும். அளவு 600 டிபிஐ போதும். இந்தப் படத்தில் ஒரு முகம் சுமார் 0.4 அங்குலம், 300இல் எடுத்தால் முகத்துக்கு 120 பிக்சல்தான் கிடைக்கும், 600இல் 240 கிடைக்கும். கறுப்பு வெள்ளைப் படமானாலும் வண்ணத்தில் ஸ்கேன் செய்வது நல்லது. மஞ்சள் கறை நீலப் பகுதியில் அதிகமாகவும் சிவப்புப் பகுதியில் குறைவாகவும் பதிவாகும். பிற்பாடு கறையை நீக்க அந்த வேறுபாடு உதவும். கோப்பு டிஐஎஃப்எஃப் வடிவில் இருக்கட்டும்.

இனி ஒட்டும் வேலை. இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளே போதும். இரண்டு கோப்புகளையும் ஒரே படத்தில் இரண்டு அடுக்குகளாகத் திறந்து, மேலடுக்கின் Mode என்ற இடத்தில் Difference என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு அடுக்குக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அது காட்டும். ஒரே மாதிரியான புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் அங்கே கறுப்பு; பிசகினால் முகங்களின் வெளிக்கோடுகள் வெளிச்சமாகத் தெரியும். மேலடுக்கை நகர்த்த நகர்த்தப் பொதுப்பகுதி இருளத் தொடங்கும்.

இங்கே கண் தேட வேண்டியது ஒன்று உண்டு. மேலே ஒரு மாணவனின் தலையருகே கறுப்பாகி, கீழே பெயர்களின் அருகே மட்டும் எழுத்துகள் இரட்டையாகத் தெரிந்தால், அட்டை இரண்டாவது முறை கொஞ்சம் கோணலாக வைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். பத்தில் ஒரு பாகை கோணலே 11 அங்குல உயரத்தில் பதினோரு பிக்சல் தள்ளிவிடும். அது ஒரு கண்ணின் அகலத்தில் கால்பங்கு. படத்திலேயே இருக்கும் ஒரு கீறலையோ புள்ளியையோ மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக அடையாளம் வைத்துக்கொண்டு, மேலதைப் பொருத்தியபின் அதையே அச்சாக வைத்துக் கீழதை நோக்கித் திருப்ப வேண்டும். அடையாளம் படத்தில் உள்ளதாக இருக்க வேண்டும்; ஸ்கேனர் கண்ணாடியில் ஒட்டிய தூசி படத்தோடு நகராது என்பதால் அது ஏமாற்றிவிடும். ஒவ்வொரு முறை திருப்பும்போதும் பிக்சல்கள் புதிதாகக் கணக்கிடப்பட்டுக் கூர்மை சற்றுக் குறையும். ஆகவே கோணத்தை முதலிலேயே அளந்து, ஒரே தடவையில் திருப்பிவிடுவது மேல்.

பொருந்தியபின் Mode பழையபடி Normal ஆகட்டும். இப்போது ஒரு பாதி வெளுத்தும் மறுபாதி கறுத்தும் தெரியலாம். பொதுப்பகுதியில் ஒரே சுவரில், ஒரே கோட்டில், ஒரே சட்டையில் இரண்டு அடுக்குகளின் எண்களையும் Color Picker கருவியால் எடுத்துப் பார்த்து, Curves மூலம் ஒன்றை மற்றதற்குச் சமமாக்க வேண்டும். வெளிச்சமான இடம், நடுத்தரமான இடம், இருண்ட இடம் என மூன்றிலும் சரிபார்த்தால்தான் நிற்கும். இதைச் செய்யாமல் தையலை மட்டும் மங்கலாக்கிக் கோட்டை மறைக்கப் பார்ப்பது வீண்.

கடைசியில்தான் தையல். மேலடுக்குக்கு ஒரு Layer Mask சேர்த்து, அதில் கறுப்புத் தூரிகையால் தீட்டினால் அந்த இடத்தில் மேலடுக்கு மறைந்து கீழடுக்கு தெரியும். தையல் நேர்கோடாக இறங்கக் கூடாது. தலைமை ஆசிரியருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் தொடங்கி மேலே போனால், பின்வரிசைக்காரர் சரியாக அந்த இடைவெளியில்தான் நிற்பார். அவருடைய தோளையும் சட்டையின் ஓரத்தையும் சுற்றிக்கொண்டு போக வேண்டும். கீழே இரண்டு பெயர்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்தில் இறங்க வேண்டும். முகம், விரல், புடவைக் கரை மூன்றின்மேலும் தையல் படக் கூடாது.

தூரிகை எவ்வளவு மென்மையாக இருக்கலாம் என்பதற்கு ஒரு நல்ல விடை 1983இலேயே கிடைத்துவிட்டது. பீட்டர் பர்ட், எட்வர்ட் அடெல்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், படங்களை ஒட்டும்போது மெதுவாக மாறும் வெளிச்சத்தை அகலமான பட்டையிலும், நுணுக்கமான விவரங்களை மிகக் குறுகிய பட்டையிலும் கலக்க வேண்டும் என்று காட்டினார்கள். ஹுகின் போன்ற இலவச மென்பொருள்கள் இன்றும் அந்த முறையில் ஒட்டுகின்றன. கையால் செய்பவரும் அதையே பின்பற்றலாம். வெறும் சுவரில் அகன்ற மென்மையான தூரிகை. சட்டைக் காலரின் ஓரத்தில் இரண்டு மூன்று பிக்சல் அளவே மென்மை. மாற்றிச் செய்தால் சுவரில் கோடு தெரியும், காலர் இரட்டையாகும்.

போட்டோஷாப் வைத்திருப்பவர்கள் Photomerge பட்டனை அழுத்தினால் இவ்வளவும் தானாக நடக்குமே என்று கேட்கலாம். நடக்கும், ஆனால் Auto என்று விட்டுவிடக் கூடாது. கேமராவைச் சுழற்றி எடுத்த இயற்கைக் காட்சி என்று நினைத்துக்கொண்டு அது படத்தை வளைத்துவிடலாம். தட்டையான ஸ்கேனுக்கு Reposition, கோணல் இருந்தால் Collage. எதைத் தேர்ந்தாலும் தையல் எங்கே ஓடியிருக்கிறது என்று முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தே தீர வேண்டும். அது முகம் என்றும் சுவர் என்றும் பிரித்துப் பார்ப்பதில்லை.

முடிந்தபின் அசல் படத்தைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வரிசையிலும் தலைகளை எண்ணிப் பாருங்கள், பெயர்களோடு ஒப்பிடுங்கள். ஒட்டிய படம் எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும், திருத்தம் எதுவும் செய்யாத இரண்டு மூல ஸ்கேன்களையும் அழித்துவிடாதீர்கள். அசல் அட்டை ஒருநாள் ஒடிந்துபோனால், மறுபடி ஒட்டுவதற்கு அவை மட்டுமே இருக்கும்.