செட்டில்மென்ட் ஏன் நின்றது?

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடை என்று வைத்துக்கொள்வோம். கார்டிலும் யுபிஐயிலும் நாளைக்குப் பத்தாயிரம் ரூபாய் அளவில் வரும். மறுநாள் பேமென்ட் நிறுவனம் அதைக் கடைக்காரரின் வங்கிக் கணக்கில் போட்டுவிடும். இதுதான் செட்டில்மென்ட். ஒரு வியாழக்கிழமை, கல்யாணச் சீர் வாங்க வந்த குடும்பம் குத்துவிளக்கு, அண்டா, தாம்பாளம் என்று 1,84,000 ரூபாய்க்கு எடுத்தது. ஒரு கார்டில் ஒரு லட்சம், இன்னொன்றில் 84,000. மறுநாள் பணம் வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. சில்லறை விற்பனைப் பணம் 21,350 ரூபாயும் கூடவே நின்றுவிட்டது.

கோபத்தில் "என் பணத்தை உடனே போடுங்கள்" என்று எழுதினால், "உங்கள் கணக்கு பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரி வரும். அதற்கு மேல் வராது. கேள்வி பொத்தாம்பொதுவாக இருந்தால் பதிலும் அப்படித்தான்.

எழுதுவதற்கு முன் நிறுவனத்தின் செயலியில் ஒன்றைப் பார்க்க வேண்டும். அந்தத் தொகைக்கு நேராக யுடிஆர் எண் இருந்தால், பணம் நிறுவனத்தை விட்டுக் கிளம்பிவிட்டது. கேட்க வேண்டியது வங்கியை. எண் இல்லாமல் 'நிறுத்தம்' என்றிருந்தால் கடிதம் நிறுவனத்துக்குத்தான். கடிதம் இப்படி இருக்கலாம்:

"ஐயா, எங்கள் வணிகர் எண்ணும் சம்பந்தப்பட்ட பரிவர்த்தனை எண்களும் கீழே உள்ளன. 2,05,350 ரூபாய் வரவில்லை. நிறுத்தப்பட்டிருப்பது அந்த இரண்டு கார்டு பரிவர்த்தனைகளா, எங்கள் கணக்கு முழுவதுமா? காரணம் தொகையா, வாடிக்கையாளர் புகாரா, எங்கள் கேஒய்சி ஆவணக் குறையா? எந்தெந்த ஆவணம், எந்த வழியாக, எந்தத் தேதிக்குள் தர வேண்டும்? தந்தபின் எத்தனை நாளில் முடிவு சொல்வீர்கள்? சந்தேகம் அந்த இரண்டில் மட்டும்தான் என்றால், மீதி 21,350 ரூபாயை விடுவிக்க இயலுமா?"

முதல் கேள்விதான் முக்கியம். பரிவர்த்தனை மட்டும் நின்றிருந்தால் விற்பனைக்குச் சான்று தர வேண்டும். கணக்கே நின்றிருந்தால் கடை யாருடையது என்பதற்கே சான்று தர வேண்டியிருக்கும். இது தெரியாமல் கையில் கிடைத்ததையெல்லாம் அனுப்பினால் நாள்தான் ஓடும்.

நம் கடைக்காரர் சேரும்போது, சராசரி பில் 800 ரூபாய் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். திடீரென்று ஒரு லட்சம் வந்ததும் நிறுவனத்தின் கண்காணிப்பு மென்பொருள் விழித்துக்கொண்டது. திருட்டுக் கார்டாக இருந்து, உரிமையாளர் பிறகு தன் வங்கியில் புகார் செய்தால், பணத்தைத் திருப்பித் தர வேண்டிவரும். சார்ஜ்பேக் எனப்படும் அந்த இழப்பு, கடைக்காரர் காணாமல் போனால் நிறுவனத்தின் தலையில் விழும். அதனால்தான் முந்திக்கொண்டு நிறுத்துகிறார்கள். அதற்காக நிறுவனம் அந்தப் பணத்தைத் தன் செலவுக்கு எடுத்துக்கொள்ள முடியாது. ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, பேமென்ட் அக்ரிகேட்டராக உள்ள நிறுவனம் அதை வங்கியில் தனி எஸ்க்ரோ கணக்கில் வைக்க வேண்டும்.

அனுப்ப வேண்டியது விற்பனை பில், அந்தச் சரக்கைக் கடைக்காரர் வாங்கியதற்கான கொள்முதல் பில், பொருளைப் பெற்றுக்கொண்டதற்கு வாடிக்கையாளர் போட்ட கையெழுத்து. இதில் ஒரு சிக்கல் உண்டு. பில் ஒன்றுதான், 1,84,000 ரூபாய்க்கு. பரிசீலிப்பவரோ ஒரு லட்சத்துக்கு ஒரு பில் தேடுவார். கிடைக்காவிட்டால் 'பொருந்தவில்லை' என்று ஒதுக்கிவிடுவார். ஆகவே இரண்டு பரிவர்த்தனை எண்களையும், இரண்டும் சேர்ந்து இந்த ஒரே பில் என்பதையும் உடன் எழுத வேண்டும். அவசரத்துக்குப் பழைய தேதி போட்டு இரண்டு பில் தயாரிப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

கணக்கே நின்றிருந்தால், தனி உரிமையாளரிடம் பான் கார்டு, கேன்சல் செய்த காசோலை, தொழில் நடப்பதற்குச் சான்று கேட்பார்கள். ஜிஎஸ்டி பதிவு இல்லையே என்று பயப்பட வேண்டாம். உத்யம் பதிவுச் சான்றிதழும் தொழில் சான்றுதான். காசோலையில் உள்ள பெயர் பதிவில் உள்ள பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்றில் கடைப் பெயரும் மற்றொன்றில் உரிமையாளர் பெயரும் இருப்பது அடிக்கடி நடக்கும் கோளாறு. ஆதார் தந்தால் முதல் எட்டு இலக்கங்களை மறைத்துத் தரலாம். ஓடிபி கேட்டால், கேட்பவர் மோசடிக்காரர்.

இந்த இடைவெளியில் வாடிக்கையாளர் பொருளைத் திருப்பித் தந்தால், கையிலிருந்து ரொக்கமாகக் கொடுத்துவிடக் கூடாது. அவர் வங்கியிலும் புகார் செய்தால் ஒரே பணம் இரண்டு முறை போய்விடும். நிறுவனத்தின் ரீஃபண்ட் வழியாக அதே கார்டுக்கே திருப்ப வேண்டும்.

சில நேரம் காரணத்தை நிறுவனம் சொல்லாது. சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனை என்று அரசுக்கு அறிக்கை அனுப்பியிருந்தால், அதை வாடிக்கையாளரிடம் சொல்லவே விதி தடுக்கிறது. அப்போதும் என்ன ஆவணம் வேண்டும் என்று கேட்கலாம். மழுப்பல் பதில்தான் வருகிறது என்றால், நிறுவனத்தின் நோடல் அதிகாரிக்கு அதே கடிதத்தை, முதல் புகாரின் டிக்கெட் எண்ணோடு அனுப்ப வேண்டும். அப்படி ஓர் அதிகாரியை நியமிப்பதும், புகார் எந்தப் படியில் யாரிடம் போகும் என்பதை வெளியிடுவதும் அக்ரிகேட்டரின் கடமை.