கட்டமும் துப்பும் – 7: மடிப்பில் மறைந்த வரி

வாசகர் ஒருவர் தீராத புதிர் ஒன்றைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பியிருந்தார். கமலா, செல்வி, மீனா, ராதா ஆகிய நால்வரும் திங்கள் முதல் வியாழன் வரை, நாளுக்கு ஒருவராக, ஆளுக்கொரு செடி நட்டார்கள். செடிகள்: மல்லி, முல்லை, கத்தரி, வெண்டை. யார், என்று, எதை நட்டார்? படத்தில் தெரிந்த துப்புகள் மூன்று.

1. மல்லி நட்ட மறுநாள் கமலா நட்டார்.
2. கத்தரி நட்டவர் மீனா. அவர் கமலாவுக்குப் பிறகே நட்டார்.
3. செல்வி நட்ட மறுநாள் வெண்டை நடப்பட்டது.

முதலில் உறுதியானதைக் குறிப்போம். மீனாவின் வரிசையில் கத்தரிக்கு டிக் போட்டதும், அந்த வரிசையில் மூன்று கட்டங்களுக்கும் கத்தரியின் பத்தியில் மூன்று கட்டங்களுக்கும் பெருக்கல் குறி விழுகிறது. முதல் துப்பின்படி கமலாவுக்கு மல்லியும் இல்லை, திங்களும் இல்லை. அவருக்குப் பின் மீனா வர வேண்டும் என்பதால் வியாழனும் இல்லை. ஆக, கமலாவுக்கு மிஞ்சுவது செவ்வாய் அல்லது புதன். செடியில் முல்லை அல்லது வெண்டை.

வெண்டை யாருடையது? செல்வி நட்ட மறுநாள்தான் வெண்டை வந்தது. எனவே அது செல்வியுடையது அல்ல. மீனாவுக்குக் கத்தரி. மிஞ்சியவர்கள் கமலாவும் ராதாவும். ராதா என்றே வைத்துப் பார்ப்போம். அப்போது கமலாவுக்கு முல்லை, செல்விக்கு மல்லி. மல்லிக்கு மறுநாள் கமலா. செல்விக்கு மறுநாள் ராதா. மல்லியும் செல்வியும் ஒரே நாள் என்பதால், அடுத்த நாளில் இருவர் வந்து நிற்கிறார்கள். இது முடியாது. ஆகவே வெண்டை கமலாவுடையது.

இனி முதல் துப்பையும் மூன்றாம் துப்பையும் சேர்த்துப் படியுங்கள். கமலாவுக்கு முந்தைய நாள் மல்லி. அதே நாளில்தான் செல்வியும். எனவே செல்விக்கு மல்லி, எஞ்சிய ராதாவுக்கு முல்லை. செடிகள் முடிந்தன.

நாட்கள்தான் முடியவில்லை. செல்வி, கமலா இருவரும் அடுத்தடுத்த நாட்கள், மீனா பிறகு. ராதா திங்களில் வந்தாலும், புதனில் வந்தாலும், வியாழனில் வந்தாலும் எந்தத் துப்பும் தடுக்கவில்லை. வாசகர் ராதாவுக்கு நேரே புதனில் டிக் போட்டிருந்தார். அதற்கு எந்தத் துப்பு காரணம் என்று தேடினேன், ஒன்றுமில்லை. அது ஊகம்.

ஒழுங்காக அமைந்த புதிருக்கு ஒரே விடைதான் இருக்கும். மூன்று கிடைத்தால், தவறு பெரும்பாலும் நம் கணிப்பில் இருக்கும், அல்லது ஒரு துப்பு விடுபட்டிருக்கும். கணிப்பை மறுபடி சரிபார்த்துவிட்டு, தாளை விரித்துப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். அடி மடிப்புக்குள் நான்காவது துப்பு இருந்தது: ‘முல்லை வியாழனன்று நடப்பட்டது.’

திங்கள் செல்வி மல்லி, செவ்வாய் கமலா வெண்டை, புதன் மீனா கத்தரி, வியாழன் ராதா முல்லை. ஒவ்வொரு டிக்குக்கும் பக்கத்தில் அதற்குக் காரணமான துப்பின் எண்ணைச் சிறிதாக எழுதி வையுங்கள். எண் எழுத முடியாத டிக்கை உடனே அழித்துவிடுங்கள்.