சிறியதா, பெரியதா, சரியான அளவா? ரத்தசோகையில் முதலில் கேட்க வேண்டியது

மருத்துவ மாணவர்களின் தேர்வுத் தாளில் அடிக்கடி தலைகாட்டும் நோயாளி ஒருவர் உண்டு. வயது 58, ஆண். மூன்று மாதமாக உடம்பில் அசதி. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. காய்ச்சல் இல்லை. கண்ணுக்குத் தெரிந்து எங்கும் ரத்தம் போகவில்லை. ஹீமோகுளோபின் 8.4 கிராம். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது கேள்வி. கொடுக்கப்பட்ட விடைகளில் ஒன்று, இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து ஒரு மாதம் கழித்து வரச் சொல்வது. அதைத் தேர்ந்தெடுத்த மாணவருக்கு மதிப்பெண் கிடையாது.

அந்த விடை ஏன் தவறு என்று புரிய வேண்டுமானால், ரத்தசோகையை மருத்துவர்கள் எந்த வரிசையில் அணுகுகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். ஆண்களுக்கு ஹீமோகுளோபின் 13 கிராமுக்கும், பெண்களுக்கு 12க்கும், கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் 11க்கும் கீழே போனால் ரத்தசோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் இந்த எண் ரத்தம் குறைந்திருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். குடலில் கசிவா, சிறுநீரகம் பழுதா, பரம்பரைக் கோளாறா, எலும்பு மஜ்ஜையில் சிக்கலா என்று சொல்லாது. அந்தக் கூட்டத்திலிருந்து காரணத்தைப் பிரித்தெடுக்க, முதலில் கேட்கப்படும் கேள்வி சிவப்பணுவின் அளவு.

இந்த வழியைத் திறந்தவர் அமெரிக்க மருத்துவர் மேக்ஸ்வெல் வின்ட்ரோப். நியூ ஆர்லியன்ஸில் பணிபுரிந்தபோது, 1929இல், அளவுக்கோடுகள் போட்ட மெல்லிய கண்ணாடிக் குழாய் ஒன்றை அவர் அறிமுகப்படுத்தினார். ரத்தத்தை அதில் ஊற்றி வேகமாகச் சுழற்றினால் அணுக்கள் அடியில் படியும். மொத்த ரத்தத்தில் அணுக்கள் எத்தனை சதவீதம் என்று படித்துவிடலாம். அதை அணுக்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஓர் அணுவின் சராசரி கன அளவு வந்துவிடும். இன்றைய ரிப்போர்ட்டில் எம்.சி.வி. என்று அச்சாகி வருவது இதுதான்.

நம் 58 வயதுக்காரரின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அவருடைய ரத்தத்தில் அணுக்களின் பங்கு 28 சதவீதம். ஒரு மைக்ரோ லிட்டரில் சிவப்பணுக்கள் 40 லட்சம், அதாவது 4 மில்லியன். 28ஐ 10ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் 70. அலகு ஃபெம்டோ லிட்டர். பெரியவர்களுக்கு 80 முதல் 100 வரை இயல்பு என்பதால், இவருடைய அணுக்கள் சிறியவை.

அணு ஏன் சிறுக்கிறது? எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுவின் தாய்செல் இரண்டு இரண்டாகப் பிரிந்துகொண்டே போகும். ஒவ்வொரு பிரிவிலும் அளவு குறையும். உள்ளே போதுமான ஹீமோகுளோபின் சேர்ந்ததும் பிரிவது நின்றுவிடும். ஹீமோகுளோபின் தயாரிக்க இரும்போ குளோபின் புரதமோ போதவில்லை என்றால், கூடுதலாக ஒரு முறை பிரிந்துவிடுகிறது. அணு சிறுத்துப் பிறக்கிறது. பி12 அல்லது ஃபோலிக் அமிலம் இல்லாவிட்டால் நடப்பது இதற்கு நேர்மாறு. மரபணுப் பொருளைப் படியெடுக்க முடியாமல் பிரிவது தாமதமாகிறது. செல் வளர்ந்துகொண்டே போய் அணு பெருத்துவிடுகிறது.

நின்றுவிடக் கூடாத இடம்

தேர்வில் அளவைப் பார்ப்பதற்கு முன் ஒரு சிறு படி இருக்கிறது. வெள்ளையணுவும் தட்டணுவும் சரியாக இருக்கின்றனவா என்று கண்ணோட்டம் விட வேண்டும். மூன்றுமே குறைந்திருந்தால் சந்தேகம் முதலில் மஜ்ஜையின் மேல் போகும், பாதை வேறு. நம் நோயாளிக்கு அவை சரியாக உள்ளன. எனவே சிறிய அணு என்ற கிளையில் இறங்கலாம்.

இந்தக் கிளையில் பெரும்பாலும் மூன்று காரணங்கள்தான் போட்டியிடும்: இரும்புச்சத்துக் குறைவு, தலசீமியா மரபணுவைச் சுமந்திருப்பது, நாள்பட்ட அழற்சி நோய். இவற்றைப் பிரிக்க அடுத்து கேட்கும் பரிசோதனை ஃபெரிட்டின். உடலின் இரும்புக் கையிருப்பை அது காட்டும். இவருக்கு 7. கையிருப்பு காலி, இரும்புக் குறைவு உறுதி. ரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் பார்த்தாலும் சாட்சி கிடைக்கும். சிறிய லிம்போசைட்டின் உட்கரு அளவுதான் இயல்பான சிவப்பணுவும் இருக்கும். இவருடைய அணுக்கள் அதைவிடச் சிறுத்து, நடுவெளுப்பு அகன்று, இடையிடையே பென்சில் போல் நீண்டு கிடக்கும்.

பல மாணவர்கள் இங்கேதான் பேனாவை வைத்துவிடுகிறார்கள். ஆனால் இரும்பு எங்கே போனது என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. மாதவிலக்கோ பிரசவமோ இல்லாத 58 வயது ஆணுக்கு இரும்பு தீர்கிறது என்றால், குடல் வழியாக ரத்தம் கசிகிறது என்றே முதலில் நினைக்க வேண்டும். பெருங்குடலின் வலப்பக்கம் வரும் புற்றுநோய், மலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் மாதக்கணக்கில் ரத்தத்தைக் கசியவிடும். அதன் முதல் அறிகுறியே இந்த அசதியாக இருக்கலாம். எனவே சரியான விடை, இரைப்பையையும் பெருங்குடலையும் எண்டோஸ்கோப், கொலோனோஸ்கோப் வழியாகப் பார்ப்பது. மாத்திரையும் வேண்டும்தான். ஆனால் மாத்திரை மட்டும் கொடுத்தால் ஹீமோகுளோபின் ஏறும். கட்டியும் உள்ளே வளரும்.

ஃபெரிட்டினிலும் ஒரு கண்ணி உண்டு. அழற்சி இருந்தால் அது தானாகவே உயரும். முடக்குவாதம் உள்ளவருக்கு ஃபெரிட்டின் 60 என்று வந்தால் இரும்பு போதுமானது என்று முடிவு கட்டிவிட முடியாது. ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

அதே சிறிய அணு, வேறு கதை

அடுத்த கேள்வியில் 24 வயதுப் பெண், ஒன்பது வாரக் கர்ப்பிணி. ஹீமோகுளோபின் 10.6. எம்.சி.வி. 64. முந்தையவரைவிட அணு இன்னும் சிறியது. ஆனால் ரத்தசோகை லேசானது. இந்தப் பொருத்தமின்மையே முதல் தடயம். இரண்டாவது தடயம், சிவப்பணு எண்ணிக்கை 5.4 மில்லியன். இரும்பு இல்லாத மஜ்ஜையால் இத்தனை அணுக்களை உருவாக்க முடியாது. தலசீமியா சுமப்பவரின் மஜ்ஜையால் முடியும். அணுக்கள் சிறியவையாக இருந்தாலும் எண்ணிக்கைக்குக் குறைவிருக்காது.

இதை ஒரே வகுத்தலாகச் சுருக்கி 1973இல் வெளியிட்டவர் மென்ட்ஸர். எம்.சி.வி.யை அணு எண்ணிக்கையால் வகுத்தால் 13க்கு மேல் வருவது இரும்புக் குறைவின் பக்கம் சாயும்; 13க்குக் கீழே வந்தால் தலசீமியாவின் பக்கம். 58 வயதுக்காரருக்கு 70ஐ 4ஆல் வகுத்தால் 17.5. இந்தப் பெண்ணுக்கு 64ஐ 5.4ஆல் வகுத்தால் 12க்குச் சற்றுக் கீழே. இது ஊகம்தான், உறுதி அல்ல. இரண்டும் சேர்ந்தே இருக்கும்போது கணக்கு பிசகும்.

அவருக்கு ஃபெரிட்டின் 55 என வருகிறது. அழற்சி எதுவும் இல்லை. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரிக்கும் பரிசோதனையில் ஏ2 வகை 5.2 சதவீதம். இது 3.5க்கு மேல் போனாலே பீட்டா தலசீமியா சுமப்பவர் என்று பொருள். இனி கேள்வி அவரைப் பற்றியது அல்ல, கணவரைப் பற்றியது. கணவரும் அதே மரபணுவைச் சுமந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குக் கடுமையான தலசீமியா வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. வாழ்நாள் முழுதும் ரத்தம் ஏற்ற வேண்டிய நோய் அது. கருவின் நச்சுக்கொடித் திசுவை எடுத்துச் சோதிக்க 11ஆவது வாரம் முதல் 14ஆவது வாரம் வரைதான் வசதியான காலம் என்பதால், கணவரின் ரத்தத்தை அன்றே அனுப்புவதுதான் இங்கே முழு மதிப்பெண் பெறும் விடை.

பெரிய அணுவும் நடு அளவும்

எம்.சி.வி. 100ஐத் தாண்டினால் ரத்தப் பூச்சில் வெள்ளையணுவைத் தேட வேண்டும். நியூட்ரோஃபிலின் உட்கரு ஆறு, ஏழு மடலாகப் பிரிந்திருந்தால் பி12 அல்லது ஃபோலிக் அமிலக் குறைவுதான் முதல் சந்தேகம். அந்த அடையாளம் இல்லையென்றால் மது, கல்லீரல், தைராய்டு, சாப்பிடும் மருந்துகள் என்று விசாரணை திரும்பும். 1928 முதல் பம்பாயில் ஆய்வு செய்த ஆங்கில மருத்துவர் லூசி வில்ஸ், ஏழைக் கர்ப்பிணிகளிடம் இந்தப் பெரிய அணு ரத்தசோகையைக் கண்டார். மார்மைட் என்ற ஈஸ்ட் சாறு அதைக் குணமாக்கியது. அதற்குள் இருந்த பொருள் ஃபோலிக் அமிலம் என்பது பின்னாளில் தெரியவந்தது.

இந்தக் கிளையில் தேர்வாளர்கள் விரும்பிக் கேட்பது ஒன்று: கால் எரிச்சலும் நடையில் தள்ளாட்டமும் உள்ளவருக்கு எம்.சி.வி. 118. பி12 அளவைப் பார்க்காமல் ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்தம் தேறும். நரம்பு பாதிப்போ தொடர்ந்து முற்றும்.

அணு இயல்பான அளவில் இருந்தால் அளவு உதவாது. அங்கே கேட்க வேண்டியது ரெட்டிகுலோசைட் எனும் இளம் அணுக்களின் எண்ணிக்கை. அது கூடியிருந்தால் மஜ்ஜை நன்றாக உழைக்கிறது. ரத்தம் வெளியே போகிறது அல்லது உள்ளேயே சிதைகிறது. குறைந்திருந்தால் உற்பத்தியில் கோளாறு. சிறுநீரகம், நாள்பட்ட நோய், மஜ்ஜை என்று பார்க்க வேண்டும்.

இயல்பான எம்.சி.வி. பொய் சொல்வதும் உண்டு. அது சராசரி என்பதே காரணம். இரும்பும் பி12உம் ஒருசேரக் குறைந்தவருக்குச் சிறிய அணுக்களும் பெரிய அணுக்களும் கலந்து, 88 என்று அழகாக வந்துவிடும். ரிப்போர்ட்டில் பக்கத்திலேயே இருக்கும் ஆர்.டி.டபிள்யூ. இதைக் காட்டிக்கொடுக்கும். அணுக்களின் அளவு எவ்வளவு வேறுபடுகிறது என்பதைச் சொல்லும் எண் அது, ஏறக்குறைய 14.5 வரை இயல்பு. எம்.சி.வி. 88, ஆர்.டி.டபிள்யூ. 22 என்றால் ரத்தப் பூச்சைப் பார்க்காமல் நகரக் கூடாது. அண்மையில் ரத்தம் ஏற்றியவருக்கும் இப்படிக் கலவையாகத்தான் வரும். அதனால் பரிசோதனைக்கான ரத்தத்தை, ஏற்றுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

கடைசிப் படி சிகிச்சைக்குப் பிறகு வருகிறது. இரும்பு மாத்திரை வேலை செய்தால் ஒரு வாரம், பத்து நாளில் ரெட்டிகுலோசைட் கூடும். மூன்று, நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 2 கிராம் ஏறும். ஏறவில்லை என்றால் நான்கு கேள்விகள்: மாத்திரையை உண்மையிலேயே சாப்பிட்டாரா, கசிவு தொடர்கிறதா, குடல் இரும்பை உறிஞ்சுகிறதா, நோயின் பெயரே தவறா? ஹீமோகுளோபின் இயல்புக்கு வந்த பிறகும் கையிருப்பு நிரம்ப இன்னும் சுமார் மூன்று மாதம் மாத்திரை தொடர வேண்டும்.