கிறிஸ்துமஸுக்கு மறுநாள்: ஒரு தேதி, பல பெயர்கள்

மெல்போர்னில் ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று தொடங்கும் கிரிக்கெட் ஆட்டத்தை ‘பாக்ஸிங் டே டெஸ்ட்’ என்கிறார்கள். பெயரைக் கேட்டதும் குத்துச்சண்டை நினைவுக்கு வருவது இயல்புதான். ஆனால் இந்த நாளுக்குப் பெயர் தந்தது உண்டியல்.

17ஆம் நூற்றாண்டு லண்டனில் கடைப் பையன்களும் தொழில் பழகுவோரும் ஆளுக்கொரு மண் உண்டியல் வைத்திருப்பார்கள். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது வாடிக்கையாளர்கள் அதில் காசு போடுவார்கள். பிறகு உண்டியலை உடைத்துப் பணத்தை எடுத்துக்கொள்வார்கள். கடற்படை நிர்வாகத்தில் இருந்த சாமுவேல் பீப்ஸ், செருப்புக் கடையில் பாக்கியைத் தீர்த்துவிட்டு, கிறிஸ்துமஸுக்காக அங்கிருந்த பையன்களின் உண்டியலிலும் ஏதோ போட்டதாக 1663 டிசம்பர் 19ஆம் தேதி நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். நம் ஊர் தீபாவளி இனாம் போன்ற வழக்கம் இது. நாளடைவில் அந்த இனாமுக்கே ‘கிறிஸ்துமஸ் பாக்ஸ்’ என்று பெயர் வந்தது. பெரிய வீடுகளின் வேலையாட்கள் கிறிஸ்துமஸ் அன்று எஜமானர் வீட்டு விருந்துக்காக உழைத்தார்கள். மறுநாள்தான் அவர்களுக்கு ஓய்வும் இனாமும் கிடைத்தன. அதனால் அது ‘பாக்ஸிங் டே’ ஆயிற்று.

இந்தப் பெயருக்கு முன்பே அந்த நாளுக்கு வேறொரு பெயர் இருந்தது. ஐரோப்பியத் திருச்சபையின் நாட்காட்டியில் டிசம்பர் 26 புனித ஸ்தேவானின் திருநாள். தமிழ்க் கத்தோலிக்கர்கள் முடியப்பர் என்று அழைக்கும் அதே புனிதர்தான். ஏழை விதவைகளுக்கு உணவு பங்கிடும் பணிக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட எழுவரில் ஒருவர் அவர். கிறிஸ்துவுக்காகக் கல்லெறியப்பட்டு இறந்த முதல் சாட்சி. இத்தாலியிலும் ஆஸ்திரியாவிலும் இன்றும் அவர் பெயரில்தான் விடுமுறை.

16ஆம் நூற்றாண்டில் சீர்திருத்த சபைகள் உருவானபோது, புனிதர்களின் திருநாட்கள் பல நாடுகளில் முக்கியத்துவம் இழந்தன. ஆனால் லுத்தரன் மக்கள் கிறிஸ்துமஸைப் பல நாட்கள் கொண்டாடும் வழக்கத்தை விடவில்லை. செபாஸ்டியன் பாக் 1734இல் இயற்றிய கிறிஸ்துமஸ் இசைப் படைப்பின் முதல் மூன்று பகுதிகள் லைப்சிக் நகரத் தேவாலயங்களில் டிசம்பர் 25, 26, 27 என அடுத்தடுத்த நாட்களில் பாடப்பட்டன. அங்கே மூன்று நாளும் பண்டிகைதான். ஸ்வீடனில் நான்கு நாள் விழா இருந்தது. உழைப்பு நாட்கள் வீணாகின்றன என்று கருதிய அரசு, 1772இல் மூன்றாம், நான்காம் நாள் விடுமுறைகளை நீக்கியது. இரண்டாம் நாள் தப்பியது. அதனால்தான் ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் இந்த நாளின் பெயர் ‘இரண்டாம் கிறிஸ்துமஸ் நாள்’.

இந்தப் பெயர்கள் மோதிக்கொள்ளும் இடம் அயர்லாந்து. 1871இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வங்கி விடுமுறைச் சட்டத்தை இயற்றியபோது, இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இந்த நாளைச் சேர்த்துக்கொண்டது. சட்டப் பட்டியலில் பெயர் எதுவும் இல்லை. ‘டிசம்பர் 26ஆம் நாள்’ என்று மட்டும் இருந்தது. மக்கள் தங்கள் வழக்கப்படி அழைத்துக்கொண்டார்கள். கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் அயர்லாந்துக் குடியரசில் இன்றும் அது புனித ஸ்தேவான் நாள். எல்லையைத் தாண்டி வட அயர்லாந்துக்குள் போனால் அரசு வழக்கில் பாக்ஸிங் டே. ஸ்காட்லாந்துக்கு 1871 சட்டம் இந்த விடுமுறையைத் தரவே இல்லை. அங்கே திருச்சபை கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தையே நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்தது, புத்தாண்டுதான் பெருவிழா. 1974இல்தான் டிசம்பர் 26 அங்கே வங்கி விடுமுறை ஆனது.

பிரிட்டிஷ் ஆட்சி போன இடமெல்லாம் பாக்ஸிங் டேயும் போனது. கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகள் பெயரை அப்படியே வைத்துக்கொண்டன. நிறவெறி ஆட்சியிலிருந்து விடுபட்ட தென்னாப்பிரிக்கா, 1994இல் இயற்றிய பொது விடுமுறைச் சட்டத்தில் இந்த நாளை ‘நல்லெண்ண நாள்’ என்று குறித்தது. அதில் புனிதரும் இல்லை, எஜமானர் தரும் இனாமும் இல்லை.

பிரிட்டனில் பெயர் அப்படியே இருக்க, அதன் பொருள்தான் கரைந்துவருகிறது. இன்று அது தள்ளுபடி விற்பனை நாள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரிய கடைகள் கிறிஸ்துமஸ் அன்று திறக்கக் கூடாது என்று 2004ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மறுநாளுக்கு அப்படி ஒரு காப்பு இல்லை. மறுநாளும் கடைகளை மூடவேண்டும் என்ற பொதுமக்கள் மனு 2016இல் நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டும் அரசு இணங்கவில்லை. ஊரார் விருந்துண்ணும்போது உழைத்தவர்களின் ஓய்வுக்கென்று உருவான நாள் இது. அந்த நாளில் கடைப் பணியாளர்கள் விடியற்காலையிலேயே வேலைக்குப் போகவேண்டியிருப்பது நியாயம் அல்ல. கிறிஸ்துமஸுக்குக் கொடுத்த காப்பை மறுநாளுக்கும் நீட்டுவதே அந்தப் பெயருக்குச் செய்யும் மரியாதை.