பிறப்பு, இறப்புத் திகதிகளை இணையத்திற் சரிபார்த்தல்



"கலிலியோ இறந்த அதே ஆண்டில் நியூற்றன் பிறந்தார்." இந்த வாக்கியத்தைப் பல நூல்களில் வாசித்திருப்பீர்கள். எனது வகுப்பு மாணவி ஒருவர் விஞ்ஞானிகள் பற்றிய ஒப்படையில் இதை எழுதிவிட்டு, அடுத்த பக்கத்திலே நியூற்றனின் பிறப்பு 1643 ஜனவரி 4 என்றும் எழுதியிருந்தார். கலிலியோ இறந்தது 1642 இல். இரண்டும் எவ்வாறு ஒரே ஆண்டாகும்? "இரண்டையும் இணையத்தில் பார்த்துத்தான் எழுதினேன் சேர்" என்றார். அவர் சொன்னது உண்மை. அவர் செய்யாதது ஒன்றுதான்: இரண்டு விபரங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிபார்க்கவில்லை. அதை எவ்வாறு செய்வது என்பதை இந்த உதாரணத்தைக் கொண்டே பார்ப்போம்.

1. எங்கே தேடுவது?

இரண்டு வகையான இடங்கள் உள்ளன.

(அ) கட்டமைக்கப்பட்ட தரவுத்தளம். இதற்குச் சிறந்த உதாரணம் விக்கித்தரவு (wikidata.org). இங்கே கட்டுரை இருக்காது. ஒவ்வோர் ஆளுக்கும் ஓர் எண் உண்டு. நியூற்றனின் எண் Q935. அந்தப் பக்கத்தில் date of birth, date of death என்னும் புலங்களுக்கு எதிரே திகதிகள் இருக்கும். ஒரு புலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட திகதிகளும் இருக்கலாம்.

(ஆ) நூலகங்களின் பெயர் நியமப் பதிவு. ஒரே பெயரில் பல எழுத்தாளர்கள் இருப்பதால், ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு பெயர் வடிவத்தை நூலகம் நியமித்து, பெரும்பாலும் ஆண்டுகளையும் சேர்த்துவிடும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பதிவுகளை id.loc.gov என்னும் தளத்தில் பார்க்கலாம். அங்கே நமது இருவரும் இவ்வாறு உள்ளனர்:

Galilei, Galileo, 1564-1642
Newton, Isaac, 1642-1727

பல நாடுகளின் தேசிய நூலகங்கள் ஒரே ஆளுக்கு வைத்திருக்கும் இத்தகைய பதிவுகளை ஒன்றுசேர்த்துக் காட்டும் தளம் viaf.org ஆகும்.

கவனிக்க: நூலகம் ஆண்டைச் சேர்ப்பது ஒரு பெயரை இன்னொரு பெயரிலிருந்து வேறுபடுத்தவே. வாழ்க்கை வரலாறு சொல்வது அதன் நோக்கம் அல்ல. ஆகவே "1950-" என முடிவு ஆண்டு இல்லாமல் ஒரு பதிவு இருந்தால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று முடிவு செய்யக்கூடாது. பதிவு எழுதப்பட்ட பின் எவரும் அதைத் திருத்தாமல் விட்டிருக்கலாம்.

2. ஒப்பிடும்போது எழும் சிக்கல்

நூலகப் பதிவை மட்டும் பார்த்தால் 1642 உம் 1642 உம் பொருந்துகின்றன. முதல் வாக்கியம் சரி போலத் தோன்றும். ஆனால் விக்கித்தரவில் நியூற்றனின் பிறப்புத் திகதியை அவதானித்தால் 25 டிசெம்பர் 1642, 4 ஜனவரி 1643 என இரண்டு வடிவங்களைச் சந்திப்பீர்கள். பழைய திகதிகளின் அருகே Julian அல்லது Gregorian என்ற சொல் சிறிய எழுத்தில் இருக்கும். விடை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

1582 இல் பாப்பரசர் 13ஆம் கிரகரி நாட்காட்டியைத் திருத்தினார். இத்தாலியில் அவ்வாண்டு ஒக்டோபர் 4 இற்கு அடுத்த நாள் ஒக்டோபர் 15 ஆயிற்று. இங்கிலாந்தோ 1752 வரை பழைய யூலியன் நாட்காட்டியையே பின்பற்றியது. எனவே 17ஆம் நூற்றாண்டில் இத்தாலிக்கும் இங்கிலாந்துக்கும் இடையே 10 நாள் வேறுபாடு இருந்தது. கலிலியோ இறந்தது இத்தாலியில். நியூற்றன் பிறந்தது இங்கிலாந்தில்.

இப்போது இருவரையும் ஒரே நாட்காட்டிக்குக் கொண்டுவருவோம்.

கிரகரி நாட்காட்டியில்: கலிலியோ இறப்பு 8 ஜனவரி 1642, நியூற்றன் பிறப்பு 4 ஜனவரி 1643.

யூலியன் நாட்காட்டியில்: கலிலியோ இறப்பு 29 டிசெம்பர் 1641, நியூற்றன் பிறப்பு 25 டிசெம்பர் 1642.

எந்த நாட்காட்டியை எடுத்தாலும் இரண்டும் ஒரே ஆண்டில் வரவில்லை. இடைவெளி 361 நாட்கள். கலிலியோவை இத்தாலிய நாட்காட்டியிலும் நியூற்றனை ஆங்கிலேய நாட்காட்டியிலும் வைத்தாற்றான் "ஒரே ஆண்டு" என்ற முடிவு கிடைக்கும். நூலகப் பதிவில் பிழை இல்லை. வெவ்வேறு அளவுகோலால் அளந்த இரண்டு எண்களை ஒப்பிட்டதே பிழை.

3. இன்னொரு பொறி: ஆண்டின் தொடக்கம்

இலண்டன் வெஸ்ற்மினிஸ்ரர் தேவாலயத்திலுள்ள நியூற்றனின் நினைவுச் சின்னத்தில் இறப்பு 1726 மார்ச் 20 எனப் பொறிக்கப்பட்டுள்ளது. நூலகப் பதிவோ 1727 என்கிறது. அக்காலத்து இங்கிலாந்தில் ஆண்டு தொடங்கியது மார்ச் 25 இல். ஆகவே மார்ச் 20 பழைய ஆண்டின் கடைசி நாட்களுள் ஒன்று. ஜனவரி 1 இல் ஆண்டைத் தொடங்கினால் அது 1727. கிரகரி நாட்காட்டிக்கு மாற்றினால் 31 மார்ச் 1727. (1700 இன் பின் வேறுபாடு 11 நாட்களாயிற்று.) கல்லிற் பொறித்தது என்பதற்காக மட்டும் ஒரு திகதியை அப்படியே எழுதிவிட முடியாது.

4. எத்தனை சாட்சிகள்?

"ஐந்து தளங்களில் ஒரே திகதி இருக்கிறது, எனவே சரி" என மாணவர்கள் சொல்வதுண்டு. ஐந்தும் ஒன்றைப் பார்த்து எழுதியவையாயின் சாட்சி ஒன்றுதான். விக்கித்தரவில் திகதியின் கீழுள்ள references என்பதைத் திறந்து பாருங்கள். imported from Wikimedia project என்றிருந்தால் அது விக்கிப்பீடியாவிலிருந்து எடுக்கப்பட்டது. விக்கிப்பீடியாவையும் அதையும் இரு சாட்சிகளாக எண்ணக்கூடாது. stated in என்று இருந்தால் அடுத்து வரும் மூலத்தின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். காங்கிரஸ் நூலகப் பதிவிலும் Sources என்னும் பகுதி, எந்த நூலில் பார்த்து ஆண்டு எழுதப்பட்டது என்பதைக் காட்டும். தளங்களை எண்ணாதீர்கள், மூலங்களை எண்ணுங்கள்.

நினைவிற் கொள்க

• திகதியுடன் நாட்காட்டியின் பெயரையும் குறிக்க.
• இருவரை ஒப்பிடுமுன் ஒரே நாட்காட்டிக்கு மாற்றுக.
• ஜனவரி 1 இற்கும் மார்ச் 24 இற்கும் இடைப்பட்ட பழைய ஆங்கிலத் திகதிகளில் ஆண்டை இருமுறை பார்க்க.
• ஒவ்வொரு திகதியும் எந்த மூலத்திலிருந்து வந்தது எனத் தேடுக.

பயிற்சி

வினா: ஆங்கில நாடக ஆசிரியர் ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வான்ரிசும் 1616 ஏப்ரல் 23 இல் இறந்தனர் எனப்படுகிறது. இருவரும் ஒரே நாளில் இறந்தனரா? காரணம் தருக.

விடை: இல்லை. ஸ்பெயின் கிரகரி நாட்காட்டியையும் இங்கிலாந்து யூலியன் நாட்காட்டியையும் பின்பற்றின. ஷேக்ஸ்பியர் இறந்த நாள் கிரகரி நாட்காட்டியில் 1616 மே 3 ஆகும். எனவே திகதி ஒன்றாயினும் நாட்கள் வேறு. இடைவெளி 10 நாட்கள். மேலும், ஏப்ரல் 23 செர்வான்ரிஸ் அடக்கம் செய்யப்பட்ட நாள் என்றும், அவர் இறந்தது முதல் நாளான 22 இல் என்றும் ஆய்வாளர் கருதுவர். அவ்வாறாயின் இடைவெளி 11 நாட்களாகும்.