‘எதுவானாலும் சொல்’ என்பதற்குப் பதிலாக

நமது மருத்துவமனையின் நோயாளர் உதவி மேசைக்கு வருபவர்களில் பலர், கையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு எதையும் செய்ய இயலாமல் நிற்பதை அடிக்கடி காண்கிறேன். சில மாதங்களுக்கு முன் அவ்வாறு நின்ற ஒரு பெண்மணி தம் கைப்பேசியை என்னிடம் காட்டினார். அவருடைய தாயார், எழுபத்திரண்டு வயதானவர், அன்று காலை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து சேர்க்கப்பட்டிருந்தார். புதன்கிழமை காலை அறுவை சிகிச்சை என்று முடிவாகியிருந்தது. கணவர் வெளியூரில் பணியில் இருந்தார். ஆறாம் வகுப்புப் படிக்கும் மகன் பக்கத்து வீட்டில் இருந்தான். கைப்பேசியில் ஏறத்தாழ நாற்பது செய்திகள். “எப்படி இருக்காங்க?”, “எதுவானாலும் சொல்லு”, “தயங்காம கேளு” என்பவையே மாறி மாறி வந்திருந்தன. “எல்லாரும் நல்லவங்கதான். ஆனா யார்கிட்ட என்னன்னு கேக்கறது?” என்றார் அவர்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ‘எதுவானாலும் சொல்’ என்னும் சொல் அன்பிலிருந்துதான் பிறக்கிறது. ஆயினும் அதைப் பெறுபவருக்கு அது ஒரு புதிய வேலையைத் தருகிறது. தமக்கு என்ன தேவை என்று அவர் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். அதை இவரால் செய்ய முடியுமா, இவரிடம் கேட்பது முறையா என்று தயங்க வேண்டும். பிறகு வாய்விட்டுக் கேட்க வேண்டும். இரண்டு இரவுகள் உறங்காதவருக்கு இந்த மூன்றுமே கடினம். ஆகவே பெரும்பாலானோர் “தேவைப்பட்டா சொல்றேன்” என்று எழுதிவிட்டு ஒருபோதும் கேட்பதில்லை.

அன்றிரவு அதே கைப்பேசிக்கு வேறொரு செய்தி வந்தது. எழுதியவர் இரண்டு தெரு தள்ளி வசிக்கும் பள்ளித் தோழி. அச்செய்தியை இருவருடைய இசைவோடும் இங்கே தருகிறேன்.

“அம்மா விழுந்துட்டாங்கன்னு இப்பதான் தெரிஞ்சுது. இதுக்கு நீ பதில் எழுதணும்னு இல்ல. என்னால செய்ய முடிஞ்சது மூணு. 1. நாளைலேருந்து வெள்ளி வரைக்கும் பையனை ஸ்கூல்லேருந்து நாலு மணிக்கு நான் கூட்டிட்டு வரேன். ராத்திரி சாப்பாடு எங்க வீட்லதான். 2. புதன் ராத்திரி ஒன்பதுலேருந்து காலைல ஆறு மணி வரைக்கும் அம்மாகூட நான் இருக்கேன், நீ வீட்டுக்குப் போய்த் தூங்கு. வியாழன் என்னால முடியாது, மறுநாள் சீக்கிரம் வேலைக்குக் கிளம்பணும். 3. ரத்தம் குடுக்க ஆள் கேட்டா இவர் நாளைக் காலைல வந்துடுவார். எது வேணுமோ அந்த நம்பரை மட்டும் அனுப்பு. எதுவும் வேண்டாம்னா விட்டுடு, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்.”

‘1, 3’ என்று பதில் போயிற்று. அவ்வளவே.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. ஒவ்வோர் உதவியிலும் யார், என்றைக்கு, எத்தனை மணிக்கு, எதுவரை என்பவை எழுதுபவராலேயே தீர்மானிக்கப்பட்டுவிட்டன. தம்மால் இயலாத நாளையும் அவர் மறைக்கவில்லை. எல்லை தெரிந்த உதவியைக் கேட்பவருக்குக் கூச்சம் குறைகிறது. தம் செய்தியைச் சோதித்துப் பார்க்க விரும்புவோர், ‘தோழி சரி என்று சொன்ன பிறகு அவர் செய்ய வேண்டியது இன்னும் எவ்வளவு மிச்சம்?’ என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளலாம்.

இந்தச் சோதனையில் தோழியின் முதல் உதவியே சற்றுத் தடுமாறியது. பெற்றோர் சொல்லாமல் வேறொருவரிடம் பிள்ளையைப் பள்ளிகள் அனுப்புவதில்லை, அனுப்பவும் கூடாது. எனவே வகுப்பாசிரியருக்குத் தகவல் சொல்லும் வேலை மீண்டும் மகள் தலையிலேயே விழுந்தது. தோழி அதை உடனே உணர்ந்து, ஆசிரியருக்கு அனுப்ப வேண்டிய நான்கு வரிகளையும் தம் புகைப்படத்தையும் தாமே ஆயத்தம் செய்து அனுப்பினார். மகள் அதை அப்படியே ஆசிரியருக்கு அனுப்பிவிட்டார்.

மூன்றாவது உதவியைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ‘என் இரத்த வகை அதுவல்லவே’ என்று பலர் பின்வாங்குவதைப் பார்க்கிறோம். அறுவை சிகிச்சைக்கு முன் இரத்தக் கொடையாளர் கேட்கப்படும்போது, நோயாளிக்குப் பொருந்தும் இரத்தம் பெரும்பாலும் வங்கியின் இருப்பிலிருந்தே எடுக்கப்படுகிறது. கொடையாளர் தருவது அந்த இருப்பை ஈடுசெய்வதற்காக. ஆகையால் அநேக சமயங்களில் எந்த வகையாயினும் ஏற்கப்படும். கேட்டு உறுதிசெய்துகொண்டால் போதும். கொடையாளர் 18 முதல் 65 வயதுக்குள் இருக்க வேண்டும். எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது. ஹீமோகுளோபின் அளவு 12.5 கிராமாவது இருக்க வேண்டும். முன்பு இரத்தம் கொடுத்திருந்தால் ஆண்களுக்கு மூன்று மாதமும் பெண்களுக்கு நான்கு மாதமும் கடந்திருக்க வேண்டும். வெறும் வயிற்றோடு வரக் கூடாது. அண்மையில் காய்ச்சல் வந்ததா, என்ன மருந்து உட்கொள்கிறார் என்பதையெல்லாம் வங்கியில் கேட்பார்கள். இவற்றை வீட்டிலேயே எண்ணிப் பார்த்துவிட்டு ‘வருகிறேன்’ என்று சொல்வதே உதவி. வந்த பிறகு திருப்பி அனுப்பப்படும் கொடையாளரால், வேறொருவரைத் தேடும் வேலை மீண்டும் குடும்பத்தினருக்கே சேர்கிறது.

இரண்டாவது உதவியை மகள் ஏன் ஏற்கவில்லை? வார்டுச் செவிலியரிடம் அவர் கேட்டிருக்கிறார். அறுவை சிகிச்சை முடிந்த முதல் இரவு நீங்களே இருப்பது நல்லது என்று செவிலியர் சொல்லிவிட்டார். அதற்குக் காரணம் உண்டு. இடுப்பு எலும்பு அறுவைக்குப் பின் முதியவர்களில் பலருக்கு ஓரிரு நாள் நினைவு குழம்பும். எங்கே இருக்கிறோம் என்பது தெரியாது, எழுந்து போக முயல்வார்கள், ஊசிக் குழாயை இழுப்பார்கள். குழப்பம் மாலையிலும் இரவிலும் கூடும். புதிய முகம் அச்சத்தை மிகுவிக்கும். பழகிய முகமும் பழகிய குரலும் அமைதி தரும். கண்ணாடியும் காதுக் கருவியும் கூட அருகில் இருக்க வேண்டும், ஏனெனில் சரியாகக் காணவும் கேட்கவும் இயலாதபோது குழப்பம் மேலும் வளரும். இவ்வாறு குழம்பினால் அதை முதுமை என்று விட்டுவிடாமல் செவிலியரிடம் சொல்ல வேண்டும். காய்ச்சல், சிறுநீர் அடைப்பு, வலி என ஏதேனும் ஒன்று அதற்குப் பின்னால் இருக்கக்கூடும்.

புதன் இரவு அந்தத் தாயார் தம் மகளைத் தம் தங்கை என்று எண்ணி, ஊருக்குப் போகலாம் வா என்று அழைத்துக்கொண்டே இருந்தாராம். கண்ணாடி வீட்டில் கிடந்தது. வியாழன் காலை வேலைக்குப் போகும் வழியில் தோழி சாவியை வாங்கிச் சென்று, கண்ணாடியை எடுத்து வந்து வாயிற்காவலரிடம் கொடுத்துவிட்டுப் போனார். மாடி ஏறிப் பார்க்கவில்லை. பார்க்க வந்தால் மகள் எழுந்து நின்று நடந்ததையெல்லாம் மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அம்முறை செய்தியில் எழுதாத உதவிதான். ஆனால் மகளால் அதைத் தயங்காமல் கேட்க முடிந்தது.

இரவுத் துணை வெள்ளிக்கிழமைக்கு மாற்றப்பட்டது. இந்த உதவியைச் செய்ய முன்வருவோர் சில எல்லைகளை அறிந்திருத்தல் நலம். பெண்கள் வார்டில் இரவில் பெண்களே உடனிருக்க முடியும். உடனிருப்பவர் மாறுவதைச் செவிலியர் மேசையில் தெரிவித்து, அனுமதிச் சீட்டைக் கைமாற்றிக்கொள்ள வேண்டும். சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தில் நண்பர் கையொப்பமிட முடியாது. ஆகவே மகளின் கைப்பேசி இரவு முழுதும் ஒலிக்கும்படி இருந்தாக வேண்டும். மகள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: அம்மாவைத் தனியே எழவிடக் கூடாது. கால்களுக்கு இடையிலுள்ள தலையணையை எடுக்கக் கூடாது. எதற்கும் முதலில் செவிலியரை அழைக்கவும். அன்றிரவு மகள் வீட்டில் எட்டு மணி நேரம் உறங்கினார்.

உணவு கொண்டுவருவதாகச் சொல்வோரே மிகுதி. நோயாளிக்கான உணவை உணவியல் பிரிவே தீர்மானிப்பதால், வெளியிலிருந்து வருவது பெரும்பாலும் வீணாகும். அறுவைக்கு முன் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டியவருக்குக் கொடுக்கப்பட்டால் அறுவையே தள்ளிப்போகும். உடனிருப்பவரோ பல வேளைகளில் தேநீரோடு காலம் கழிக்கிறார். எனவே ‘உனக்கு நாளை ஒரு மணிக்கு எலுமிச்சைச் சாதம், வாழையிலைப் பொட்டலமாக’ என்று எழுதுங்கள். எவர்சில்வர் அடுக்கு அனுப்பினால் அதைக் கழுவிக் காத்துத் திருப்பித் தருவதும் ஒரு வேலையாகிவிடும். இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். ஆயினும் வார்டுகளில் கட்டிலுக்கடியில் உரியவரைத் தேடிக்கொண்டிருக்கும் அடுக்குகளை நான் கண்டிருக்கிறேன்.

இதைப் படிப்போரில் பலர் இன்று உடனிருப்பவர்களாகவே இருப்பீர்கள். உங்கள் கைப்பேசியிலும் ‘எதுவானாலும் சொல்’ என்னும் செய்திகள் காத்திருக்கும். அவற்றுக்கு நன்றி மட்டும் எழுதாதீர்கள். ஒரு தாளில் இந்த வாரம் செய்தாக வேண்டியவற்றை எழுதுங்கள். மின் கட்டணம், எரிவாயு உருளை வாங்கி வைத்தல், காப்பீட்டுக்கான குடும்ப அட்டை நகல், மாடித் தொட்டியில் தண்ணீர், செடிகள் என்று எதுவாயினும் சரி. ஒருவருக்கு ஒன்று வீதம் அனுப்புங்கள். அவர்களும் தம்மிடம் என்ன எதிர்பார்க்கப்படுகிறது என்று தெரியாமல்தான் அப்படி எழுதினார்கள்.

அந்தத் தாயார் வீடு திரும்பியபின் நலம் விசாரிக்கும் செய்திகள் குறைந்துவிட்டன. வீட்டில்தான் வேலை கூடுகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. நடைக்கருவியோடு குளியலறைக்கு அழைத்துச் செல்வது, தரையில் அமரவிடாமல் பார்த்துக்கொள்வது, உயரமான நாற்காலி தேடுவது எல்லாம் அப்போதுதான் தொடங்குகின்றன. தையல் பிரிக்க வர வேண்டிய நாளுக்கு முந்திய மாலை, தோழியிடமிருந்து இன்னொரு செய்தி வந்தது.

“நாளைக்கு ஒன்பதரைக்கு அண்ணனோட காரைக் கொண்டு வரேன். முன் சீட்டைப் பின்னாடி தள்ளி, தலையணை போட்டு உயர்த்தி வெச்சிருக்கேன், அம்மா இடுப்பை ரொம்ப மடக்காம உக்காரலாம். ஆட்டோ வேண்டாம். மருந்துச் சீட்டையும் டிஸ்சார்ஜ் பேப்பரையும் மட்டும் எடுத்து வெச்சுக்கோ.”